முதல் நாள் எழுதிய பெயர்

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தி என்ற கரிசல் காட்டு ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. கடலைப் பார்த்துப் பிறந்தவர்களும் மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளும் கருவேலமரமும் வெள்ளை வெயிலும் மட்டுமே தெரிகிற இந்த மண்ணில் ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் ‘ஓம்’ என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ‘ஆமா’ என்கிறார்கள். இவர்களை இந்த ஊருக்கு அனுப்பியது ஒரு பதிவேடு. மண்டபத்தில், கடலைத் தாண்டிவந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் கேள்வி கேட்டு எழுதிய பதிவேடு.

புதிதாக வந்து இறங்கியவர்களை எப்படி எதிர்கொள்கிறோம் என்று பேசும்போது சோறு, துணி, பாய் ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அவை அவசியம்தான். ஆனால் சோறு அடுத்த நாளும் போடலாம். முதல் நாள் தவறாக எழுதிய பெயரை அடுத்த நாள் திருத்துவது கடினம், முப்பது ஆண்டு கழித்துத் திருத்துவது அதைவிடப் பல மடங்கு கடினம். நம் கரையில் அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்று பார்க்க அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்குப் பதிவேடு புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் நிறுத்தப்பட்டார்கள். அங்கே அவர்களை எண்ணினார்கள், நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், பிறகே கப்பலுக்கு விட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று இருந்தது. அந்தத் துண்டு இருந்தால் வழிச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். ஆள் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பது அதில் இருந்தது, அவர் எந்த ஊர்க்காரர், யார் பிள்ளை என்பது இல்லை. பின்னாளில் இந்தப் பாதையின் முக்கிய முகாமாக மண்டபம் ஆனது. போகிறவர்களை நிறுத்திவைத்த அதே மண்டபம்தான், காலம் திரும்பியபோது, வருகிறவர்களை நிறுத்திவைக்கும் இடமாகவும் ஆயிற்று.

திரும்பி வந்த முதல் பெருங்கூட்டம் ஒப்பந்தக்காரர்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. பாக்கி இருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, பேரம் நடந்தது, மலையகத்தில் லயத்தில் இருந்த குடும்பங்கள் கணக்கில் பிரிந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்படி வந்தவர்கள் கையில் காகிதத்தோடு வந்தார்கள். கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, குடும்ப உறுப்பினர்கள் யார் யார், அங்கே போய் என்ன தொழில் திட்டத்தில் சேர்க்கப்படுகிறார்கள் என்று எழுதிய குடும்ப அட்டையோடு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் சில நாள் இருந்த பிறகு அட்டையில் இருந்த இடத்துக்குப் புறப்பட்டார்கள். தேயிலைத் தோட்ட வேலை அறிந்தவர்களுக்காக நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் ரெப்கோ வங்கி வந்தது. மற்றும் பலருக்குச் சிறு வியாபாரக் கடன்.

அந்த மேசையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அப்போது கேட்கவில்லை. ‘உங்களுக்கு என்ன வேலை தெரியும்?’ தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத ஒருவரிடம் கடனைக் கொடுத்து, திருச்சியிலோ சேலத்திலோ மளிகைக் கடை வைத்துக்கொள் என்றார்கள். கடன் தொகையின் ஒரு பங்கு தரகர் கைக்குப் போனது, மிச்சம் சாப்பாட்டுக்குக் கரைந்தது. திட்டம் எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. வந்தவரின் கையைப் பார்த்து முடிவு செய்வதற்குப் பதிலாக அட்டையைப் பார்த்து முடிவு செய்ததுதான் பிழை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தாங்களாகத் தேடிப் போய்க் காட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் சேர்ந்தவர்கள் அந்தக் கேள்விக்குத் தாங்களே பதில் கண்டுகொண்டார்கள்.

பிறகு 1983 ஜூலை வந்தது. அந்த மாதத்திலிருந்து 1987 ஜூலை வரை 1,34,053 பேர் வந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. 1989 ஆகஸ்டிலிருந்து 1991 ஏப்ரல் வரை இன்னும் 1,22,000 பேர். 1984-ல் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. அதன்பின் வந்தவர்கள் இரவில் படகில் வந்தார்கள். இப்போது வந்தவர்கள் கையில் பாஸ்போர்ட் இல்லை, குடும்ப அட்டை இல்லை. பலரிடம் ஒரு துணிமூட்டையும் அதனுள்ளே பாலிதீன் பைக்குள் சுற்றிய பிறப்புச் சான்றும் மட்டும் இருந்தன. சிலரிடம் அதுவும் இல்லை, வீட்டோடு எரிந்துபோயிருந்தது.

1990-ல் ஒரே நாளில் படகு படகாக ஆட்கள் இறங்கியபோது மேசையில் இருந்தவருக்கு எத்தனை நேரம் இருந்திருக்கும்? தலையை எண்ணி, பெயரையும் வயதையும் எழுதி, எந்த மாவட்டத்துக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்து அடுத்தவரைக் கூப்பிடத்தான் முடிந்திருக்கும். இடம் இல்லாததால் கிடங்குகளிலும் புயல் காப்பகங்களிலும் தங்கவைத்தார்கள், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சேலையைத் தொங்கவிட்டுச் சுவர் ஆக்கிக்கொண்டார்கள். பிறகு பத்தடிக்குப் பத்தடி குடிசைகள். அரிசி கிலோ 57 பைசா. தமிழ்நாடு அந்த நாள்களில் கதவைத் திறந்தது என்பதை நன்றியோடு சொல்கிறவர்கள் முகாம்களில் இன்றும் அதிகம். நானும் அதை மறுக்க மாட்டேன்.

அந்த மேசையில் என்ன நடந்தது என்பதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். இது குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல, முகாம்களில் திரும்பத் திரும்ப நடந்ததை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

மன்னாரிலிருந்து 1990-ல் கணவனும் மனைவியும் ஒரு குழந்தையும் வருகிறார்கள்.

“பேர் என்னம்மா?”

“றஞ்சினி, ஐயா.”

இலங்கையில் அந்தப் பெயரை றகரம் போட்டுத்தான் எழுதுவார்கள். பிறப்புச் சான்றிலும் அப்படியே இருக்கும், ஆங்கிலத்தில் `Ranjini` என்று இருக்கும். இங்கே எழுதுகிறவர் நம் ஊர் வழக்கப்படி ரஞ்சனி என்று எழுதுகிறார், ஆங்கிலத்தில் அது `Ranjani` ஆகிறது. கணவர் தயாபரன். அங்கே `Thayaparan`, இங்கே `Dayabaran`. அங்கே தகப்பன் பெயரை முழுதாக எழுதுவார்கள், இங்கே தலைப்பெழுத்துதான். தகப்பன் பெயர் சின்னத்தம்பி என்றால் ‘சி’ என்று போட்டு முடிந்தது. பிறந்த தேதி கேட்டால் நல்லூர்த் திருவிழாவுக்கு முந்தின மாதம் என்று பதில் வருகிறது, அதிகாரி வயது 24 என்று எழுதிவிடுகிறார். ஒன்றும் பெரிய குற்றமில்லை. நெருக்கடியில் இப்படித்தான் எழுத முடியும்.

இரண்டாவது குழந்தை 1992-ல் முகாமிலேயே பிறக்கிறது. குடிசையில், ஒரு பாட்டியின் கையில். பிறப்பைக் குறித்த நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஒரு வருடம் வரை மேலதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் கடந்தால் மாஜிஸ்திரேட் அந்தஸ்திலுள்ள அதிகாரியின் உத்தரவு தேவை. இதெல்லாம் அந்தத் தாய்க்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அவர்கள் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: ஆறு மாதத்தில் சண்டை ஓய்ந்துவிடும், ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம். முகாம்களில் எழுதாமல் விட்ட பாதிக் காகிதங்களுக்குக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

பையனுக்குப் பதினெட்டு ஆகும்போது சிக்கல் தொடங்குகிறது. இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்கு அவனுடைய இந்தியப் பிறப்புச் சான்று, தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றுகள், அவர்களுடைய திருமணப் பதிவு ஆகியவை வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன் செய்திருந்தால் எளிது. இப்போதோ பையனின் சான்றே இல்லை. அதைப் புதிதாக வாங்கும்போது தாய் பெயர் முகாம் அட்டையில் உள்ளபடி ரஞ்சனி என்றுதான் விழும். தூதரகத்தில் நீட்டும் இலங்கைச் சான்றில் றஞ்சினி. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கப் பிரமாணப் பத்திரம் வேண்டும். திருமணம் வவுனியாவில் ஒரு கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது. முகாமை விட்டு வெளியூர் போகவே அனுமதி வாங்க வேண்டும், மாதந்தோறும் நடக்கும் ஆள் சரிபார்ப்பு நாளில் ஊரில் இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும், சிலருக்குப் பதிவே போய்விடும். பெயின்ட் அடிக்கும் வேலைக்காகக் கேரளா பக்கம் போனவர்களுக்குக் கூட அந்தத் தேதியை நினைத்தபடியேதான் வேலை.

ஓரிரு எழுத்து மாறியதில் இருந்து இவ்வளவும். முகாம்களில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டில் காகிதக் கட்டைக் காட்டச் சொல்லுங்கள். பத்துக் காகிதம் இருந்தால் ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். அதைப் பார்த்ததும் அந்த வீட்டில் அடுத்து என்ன சிக்கல் வரப்போகிறது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதே கதையின் மறுபக்கமும் உண்டு. சரியாக எழுதிவைத்த ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதற்கு மண்டபமே சாட்சி. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்தவர்கள், தாய் தகப்பன் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். முதல் அலையில் வந்தவர்களுக்கு 1983-க்கும் 1987-க்கும் நடுவே இங்கே பிறந்த குழந்தைகள் எல்லாரும் இதில் அடக்கம். ஆனால் முகாமில் பிறந்தவர்கள் அகதிகள் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள், அவர்களும் அப்படியே நினைத்தார்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் தன்னுடைய பிறப்புச் சான்றை வைத்து பாஸ்போர்ட் கேட்டார், மறுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் வழக்கின் உயிர், அவர் பிறந்த சில நாள்களில் யாரோ ஒருவர் தவறாமல் எழுதிய அந்தப் பிறப்புப் பதிவு. அந்த எழுத்தர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் அன்று எழுதாமல் விட்டிருந்தால் சட்டம் தன் பக்கம் இருந்தும் அந்தப் பெண்ணிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. அதே காலத்தில் குடிசையில் பிறந்து பதியாமல் விடப்பட்ட எத்தனை பேர் இன்று நாற்பதை நெருங்கிக்கொண்டு அகதி அட்டையோடு இருக்கிறார்களோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி ‘உங்கள் தாத்தா எந்த ஊர்?’ என்பது. 1977-லும் 1983-லும் தாக்குதலுக்குப் பயந்து மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இறங்கிவந்தன. பிறகு அங்கிருந்து படகில் இந்தியாவுக்கு வந்தன. அவர்களில் சிலர் ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். கப்பல் நின்றதும் முறைப்படி வரும் பாதை அடைபட்டுப்போனது. மண்டபத்தில் அவர்களையும் இலங்கைத் தமிழ் அகதிகள் என்று ஒரே வரிசையில் எழுதினார்கள். ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்த இருவரில் ஒருவர் கப்பலில் வந்து இந்தியக் குடிமகன் ஆனார், ஒருவர் படகில் வந்து அகதி ஆனார். 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளையில் 65 பேர் தொடுத்த வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்த இந்திய வம்சாவளியினரின் நிலை வேறு என்பதை ஏற்று, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். அந்த வழக்கில் நிற்கக் கையில் தேவைப்பட்டது பூர்வீகத்தைக் காட்டும் காகிதம்: பழைய விண்ணப்பத்தின் எண், தாத்தாவின் தோட்டப் பதிவு, இங்குள்ள ஊர்ப் பெயர். முதல் நாளே கேட்டு எழுதியிருந்தால், உயிரோடிருந்த தாத்தாவே வாயால் சொல்லியிருப்பார். இப்போது அவர் இல்லை.

விட்டுப்போன இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் முகாமுக்குள்ளிருந்துதான் வந்தார்கள். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் பணி செய்தவர்களில் பெரும்பாலோர் அகதிகளே. முகாமின் பொதுக்கூடத்தில், பகலில் பாலர் பள்ளியும் மாலையில் டியூஷனும் நடக்கும் அதே கூடத்தில், ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து வீடு வீடாகக் காகிதங்களை வாங்கிப் பார்த்தார்கள். பிறப்புப் பதிவு விட்டுப்போனவர்களைப் பட்டியல் எடுத்து, பிரமாணப் பத்திரம் எழுதி, தூதரகத்துக்குக் கூட்டமாக விண்ணப்பங்களைக் கொண்டுபோனார்கள். அரசு அலுவலகத்தில் சொல்லத் தயங்குகிற விஷயத்தை இந்த மேசையில் சொன்னார்கள். அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று அட்டையில் எழுதவைத்து அழைத்து வந்தது, கணவர் இன்னொரு முகாமில் வேறு பெயரில் இருப்பது, படகுக்காரருக்குத் தாலியைக் கழற்றிக் கொடுத்தது எல்லாம் அங்கேதான் வெளியே வந்தன. கேட்கிறவர் தன்னைப் போலவே படகில் வந்தவர் என்று தெரிந்தால் வாய் திறக்கிறது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நிலைமை இறுகி, தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வர முடியாமல் போன காலமும் இருந்தது. அந்த ஆண்டுகளில் விட்டுப்போன காகிதங்கள்தான் பிற்காலத்தில் அதிகம் தொல்லை கொடுத்தன.

நம் ஆட்களே வேறொரு கரையில் எப்படி எதிர்கொள்ளப்பட்டார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். டொரொண்டோவில் அதற்கு முன்பே, 1978-லிருந்தே, தமிழ் ஈழச் சங்கம் இயங்கிவந்தது. கனடாவில் குடியமர்வுப் பணியாளர் என்று ஒருவர் இருக்கிறார். வந்தவரோடு தனியே உட்கார்ந்து, என்ன தேவை என்று கேட்டு எழுதி, எது முதலில், எது பிறகு என்று திட்டம் போட்டு, மருத்துவ அட்டைக்கும் பள்ளிக்கும் மொழி வகுப்புக்கும் அனுப்பி, போய்ச் சேர்ந்தார்களா என்று திரும்பக் கேட்பதுதான் அவர் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. அந்த நாட்டின் பணமும் சட்டமும் வேறு. ஆனால் திரும்பக் கேட்பதற்குப் பெரிய பணம் வேண்டாம். நம் மேசைகளில் இல்லாமல் போனது அதுதான். ஒரு தடவை எழுதினார்கள், பிறகு அந்தப் பேரேட்டை எண்ணிக்கைக்காக மட்டும் திறந்தார்கள்.

இப்போது என்ன மாறியிருக்கிறது? வெளியே தெரிகிற மாற்றம் பெரிது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதும் அடக்கம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆனது, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். தகரமும் ஓலையும் போய் காங்கிரீட் கூரை வந்த இடங்களில் மழைக்காலத்தில் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் அல்ல.

மேசை என்ன ஆனது என்பதை 2022 காட்டியது. இலங்கையில் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற அந்த ஆண்டு மார்ச் 22 அன்று, அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தவித்த ஆறு பேரை, குழந்தைகள் உட்பட, கடலோரக் காவல்படை மீட்டது. அன்று இரவே இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். பிறகு தொடர்ந்து வந்தார்கள். 1990-இன் கூட்டம் அல்ல இது, சில நூறு பேர். ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. முதலில் பேசியவர்கள் உளவுப்பிரிவினரும் கடலோரப் போலீசாரும். எப்படி வந்தீர்கள், யார் படகு, எவ்வளவு கொடுத்தீர்கள். அந்தக் கேள்விகள் அவர்களுடைய கடமை. பிறகு மண்டபத்தில் வீடும் சாப்பாடும் கிடைத்தன. ஆனால் முன்பு வந்தவர்களைப் போல அகதி என்ற பதிவு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது: இவர்கள் சண்டைக்குப் பயந்து வரவில்லை, பசிக்குப் பயந்து வந்தார்கள். பதிவு இல்லாததால் மற்ற முகாமுக்குப் போக முடியாது, வெளியே வேலைக்குப் போவதற்கும் வழி இல்லை. 1990-ல் மேசை அவசரமாக எழுதியது. 2022-ல் மேசைக்கு அவசரம் இல்லை, எழுத அதிகாரம் இல்லை. வந்தவர் நிலையில் நின்று பார்த்தால் இரண்டாவதே கொடுமை.

2025-ல் வந்த புதிய குடிவரவுச் சட்டத்தையொட்டி மத்திய அரசு செப்டம்பரில் ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவுக்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்றது அது. தாப்பாத்தி போன்ற முகாம்களில் முப்பது ஆண்டாக இருப்பவர்களுக்கு இது நிம்மதி. குடியுரிமை அதில் இல்லை. அந்த நிம்மதிக்கும் இரண்டு நிபந்தனைகள்: வந்த தேதி, பதிவு. மறுபடியும் அந்தப் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். 2022-ல் வந்தவர்கள் இந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

திரும்பிப் போவதற்கும் காகிதம் தேவைதான். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு நாடு திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்னொரு காலத்தில் முறையான துறைமுகம் வழியாக நாட்டை விட்டுப் போகவில்லை என்பது குற்றச்சாட்டு. சட்டத்தைத் திருத்துவோம் என்று இலங்கை அரசு பிறகு சொன்னது. ஆனால் அந்தச் செய்தி முகாம்களுக்கு வந்து சேர்ந்த வேகத்தில், மூட்டை கட்டிக்கொண்டிருந்த பல பெரியவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள்.

இனி அந்த மேசையில் உட்காரும் யாருக்காவது இது பயன்பட வேண்டும் என்பதால் என் கருத்தைச் சொல்கிறேன். அரசு ஊழியரோ, தொண்டு நிறுவனத்துப் பெண்ணோ, முகாமின் படித்த பிள்ளையோ, யாராக இருந்தாலும் முதல் கேள்வி பெயராக இருக்க வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா, நேரம் தவறாமல் சாப்பிடும் மாத்திரை ஏதும் இருக்கிறதா என்பதுதான் முதலில். கடலில் ஒரு ராத்திரி இருந்தவர் முதல் நாள் சொல்வதில் பாதி தவறாகவே இருக்கும். தண்ணீரும் தூக்கமும் கிடைத்த பிறகு மறுநாள் எழுதலாம். எழுதும்போது வந்தவரின் வாயிலிருந்து வரும் பெயரை எழுதாமல், பையைத் திறந்து இலங்கைப் பிறப்புச் சான்றையோ தேசிய அடையாள அட்டையையோ எடுக்கச் சொல்லி, அதில் உள்ளபடி ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் இல்லை என்பதையும் எழுத வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கூட வந்தவர்களை எழுதுவதோடு நிறுத்தாமல் கூட வராதவர்களையும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். பெற்ற பிள்ளை யார், வளர்க்கிற பிள்ளை யார் என்பதைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும், குழந்தைக்கு முன்னால் கேட்கக் கூடாது. பூர்வீகம் கேட்க வேண்டும். என்ன வேலை தெரியும் என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் எந்த வகுப்பு என்பதைவிட எந்த வகுப்புப் பாடம் வரை தெரியும் என்று கேட்க வேண்டும், அங்கே படிப்பு பல மாதம் நின்றிருக்கும். கடைசியில், ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு குடும்பத்துக்கு அரை நாள் போதும்.

அரை நாள் கொடுத்தாலும் தீராதவை உண்டு. மேசை குடியுரிமை தராது, வேலை அனுமதி தராது. தவறான நம்பிக்கை ஊட்டுவதும் அந்த மேசை செய்யக்கூடிய பெரிய பிழைகளில் ஒன்று. ‘எல்லாம் சரியாயிடும்மா’ என்று சொன்னவரை நம்பிக் காகிதம் போடாமல் இருந்தவர்கள் இருக்கிறார்கள். எதுவரை நம் கையில் இருக்கிறது, எது டெல்லியில் இருக்கிறது என்பதை வந்தவருக்கு விளங்கச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் நம் கையில் இருப்பது கொஞ்சமல்ல. முகாமில் இன்று ஒரு குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, தாய் தகப்பன் பெயரை அவர்களுடைய இலங்கைச் சான்றில் உள்ள எழுத்திலேயே போட்டு, திருமணத்தை இங்கே பதிவு செய்து, குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன் தூதரகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட வேண்டும். பெயர் இன்னும் வைக்கவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம், பெயரைப் பிறகும் சேர்க்கலாம். பிறப்பு ஆஸ்பத்திரியில் நடந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அங்குள்ள பதிவுப் பகுதியில் தாயின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். றஞ்சினியை ரஞ்சனி என்று எழுதியிருந்தால் அங்கேயே, அன்றே சொல்லித் திருத்தச் சொல்ல வேண்டும்.